ஒரு இஸ்பில்லைக்காக பதினாலு மாசம்: எங்க பிரதேச செயலக கவுண்டர் எப்படி?

நுவரெலியா மாவட்டத்துல இருக்கிற ஒரு ஏ.ஜி.ஏ ஆபீஸ், எதுன்னு சொல்லல. தங்கச்சியோட பிறப்புச் சான்றிதழ் விஷயமா பதினாலு மாசத்துல ஆறு தடவ போயிருக்கேன், அதனால ஒரே நாள் கோவத்துல எழுதுறேன்னு நெனக்காதீங்க.

பிரச்சின இதுதான். தங்கச்சி பேர் பிரியதர்ஷினி. ஐடென்டியிலயும் ஓ.எல் சட்டிபிகேட்லயும் அப்படித்தான் இருக்கு. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்துல எழுதினது, அதுல ‘ஷி’க்கு மேல வரவேண்டிய இகரக் குறிய, அதான் இஸ்பில்லைய, விட்டுட்டாங்க, அதனால வாசிச்சா பிரியதர்ஷனி. இருவத்தாறு வருஷம் யாரும் கவனிக்கல, பாஸ்போர்ட் எடுக்க கண்டிக்கு போனப்பதான் ரெண்டுலயும் பேர் வேறன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

காத்திருக்கிற நேரத்துல பெருசா குற சொல்ல முடியாதுங்க. எட்டரைக்கு முன்னாடி போயி நம்பர் எடுத்தா பத்துக்குள்ள கூப்பிட்டாங்க. சான்றிதழ் கொப்பி ஒண்ணுக்கு அப்ப 120 ரூபா எடுத்தாங்க, பதிவு நம்பரும் திகதியும் கையில இருந்ததால நாப்பது நிமிஷத்துல கெடச்சிருச்சு. நம்பர் தெரியாட்டி தேடுற காசும் சேரும், நேரமும் போகும், அதனால பழைய கொப்பி கிழிஞ்சிருந்தாலும் எறியாதீங்க.

மரியாதையும் பரவால்ல. மிஸ் ஒருத்தங்க சிங்களத்துலதான் கதைச்சாங்க, ஆனா எரிஞ்சு விழல, அம்மாவுக்கு கதிரை போட்டுக் குடுத்தாங்க. எங்க மாவட்டத்துல இருமொழி நிர்வாகம்னு 1999லயே வர்த்தமானி வந்தாச்சு, ஆனா தமிழ் ஃபோம் கேட்டா “முடிஞ்சிருச்சு” தான், ஆறு தடவயில நாலு தடவ அதே பதில். சிங்கள ஃபோம நிரப்ப வெளிய இருக்கிற போட்டோ கொப்பி கடைக்காரருக்கு காசு குடுக்கணும்.

நான் அடி வாங்கினது தகவல்லதான்.

முதல் தடவ, “ஜே.பி கிட்ட சத்தியக்கடதாசி எடுத்தா போதும், ரெண்டு பேர்லயும் இருக்கிறது ஒரே ஆள்னு”. எடுத்தோம், கண்டியில ஏத்துக்கல. ரெண்டாவது தடவ வேற ஒரு ஐயா, “ஐடென்டிய மாத்திருங்க, அதுதான் லேசு”ன்னார். ஜீ.எஸ்கிட்ட ஃபோமுக்கு கையெழுத்தும் வாங்கியாச்சு, அன்னிக்கு ராத்திரி தங்கச்சிதான் கேட்டா, “அப்ப ஓ.எல் சட்டிபிகேட், பேங்க் புக், ஈ.பி.எஃப் எல்லாம் யார் பேர்ல இருக்கும்?” அங்கதான் புரிஞ்சது. தப்பா இருக்கிறது ஒரே ஒரு கடதாசி, அத விட்டுட்டு சரியா இருக்கிற நாலையும் கெடுக்கப் பாத்தோம். அந்த ஐயா பொய் சொல்லல, ஐடென்டிய மாத்த முடியும்தான், ஆனா எதுக்கு மாத்துறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. சத்தியக்கடதாசி கதையும் அப்படித்தான், அது நாங்க சொல்றதுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான், பதிவுப் புத்தகத்துல இருக்கிற எழுத்த அது தொடாது.

மூணாவது தடவ அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, பெத்தவங்க கையெழுத்து வேணும்னு. கொழுந்து எடுக்கிற நாள்ல ஒரு நாள் கூலி, தோட்டத்துல சொல்ற மாதிரி ஒரு பேர், போச்சு, 1350 ரூபா. போனா, வயசு வந்த பிள்ளதானே, அவளே கையெழுத்து போடலாமாம். பேர் திருத்தப் போயி பேர் போன கதைன்னு அம்மா இன்னும் சொல்லிக் காட்டும்.

அப்புறம் அரசாங்க தகவல் நிலையத்தோட 1919க்கு கோல் பண்ணினேன், தமிழ்லயே பேசினாங்க. பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துல 27ஆம் பிரிவுல பேர் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கணும்னு அங்கதான் தெளிவா சொன்னாங்க. நாலாவது தடவ கவுண்டர்ல நின்னு பிரச்சினைய விளக்காம, “27ல பேர் திருத்தம், சான்றிதழ்ல பேர் இருக்கிற ரெண்டாம் கூடு”ன்னு மட்டும் சொன்னேன், மிஸ் உடனே எழும்பி உள்ளுக்குள்ள பதிவாளர் பிரிவுக்கு கூட்டிட்டுப் போனாங்க. அதே ஆபீஸ், அதே மிஸ்! அங்க இருந்தவர் பழைய கடதாசிதான் பலமான சாட்சின்னார், அதனால ஸ்கூல் விடுகைப் பத்திரம், ஓ.எல் சட்டிபிகேட், ஐடென்டி கொப்பி எல்லாம் குடுத்தோம். அஞ்சாவது தடவ போனது “இன்னும் வரல”ன்னு கேக்க மட்டும்.

வேல முடிஞ்சுதான்னு கேட்டா, முடிஞ்சது. ஆனா சரியான விண்ணப்பம் குடுத்ததுக்கு அப்புறம் அஞ்சு மாசம், அதுக்கு முன்னால போன ஒம்பது மாசம் முழுக்க தப்பு வழியில போனது.

மார்க்னா: நேரத்துக்கு பத்துக்கு ஏழு, மரியாதைக்கு ஏழு, தகவலுக்கு ரெண்டு, அதுவும் கதிரை போட்ட மிஸ்ஸுக்காக. தீர்வுக்கு ஆறு.

ஒண்ணு மட்டும், திருத்தின கொப்பி கையில வந்தா வீட்டுக்கு வந்து பாக்காதீங்க, கவுண்டர்லயே நின்னு சிங்கள எழுத்த ஒவ்வொண்ணா வாசிங்க. பழைய பேர அழிச்சிட்டு புதுசா எழுத மாட்டாங்க, திருத்தம்னு சேத்துதான் எழுதுவாங்க, அந்த வரியிலயும் கை தவறலாம். தங்கச்சி கவுண்டர் கண்ணாடிக்கு முன்னாடி நின்னு வெரல வச்சு தடவித் தடவி வாசிச்சா, பின்னால வரிசையில நின்னவங்க முணுமுணுத்தாங்க. இஸ்பில்லை இருந்துச்சு. அடுத்த திங்கள் கண்டிக்குப் போறோம்.