தகரக் கூரை ஒழுகலுக்கு சிலிக்கான் அப்பிவிட்டுப் போவார்கள், விட்டுவிடாதீர்கள் (கோத்தகிரி வீட்டுக் கூரை, பிரித்துக் காட்டும் வீடியோ)

வீடியோவில் வரும் வீடு கோத்தகிரிப் பக்கம். 8 ஷீட், கற்பூர மரத்தில் 5 வரிசை ரீப்பர், மொத்தம் 160 ஸ்குரூ. ஆகஸ்டில் ‘வாட்டர் ப்ரூஃபிங்’ என்று சொல்லி ₹9,000 வாங்கிக்கொண்டு, ஒரே மத்தியானத்தில் எல்லா ஸ்குரூ தலையிலும் சிலிக்கானை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கனமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். முதல் அடைமழைக்கே படுக்கையறையில் மூன்று இடத்தில் சொட்டியது. வேலை செய்தவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

சிலிக்கானை உரித்ததும் அடியில் சுண்ணாம்பு தூவினது போல வெள்ளைப் பொடி. அவர்கள் அடித்தது கண்ணாடிக்குப் போடும் மலிவான சிலிக்கான். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை அமிலத்தை விடும், அது தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஒட்டவேண்டிய பரப்பே பொடியாகிவிட்டால் சிலிக்கான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அமிலம் விடாத வகையென்றால் ட்யூபில் ‘நியூட்ரல் க்யூர்’ என்று இருக்கும், பாருங்கள். இல்லையென்றால் துளி எடுத்து முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய கோளாறு ஸ்குரூவில். நுனியில் டிரில் பிட் உள்ள ஸ்குரூ இரும்புச் சட்டத்துக்கானது. மரத்தில் அடித்தால் அந்த நுனி மரத்தைக் குடைந்து தள்ளிவிடும், மரைக்குப் பிடி இருக்காது. பிடி இல்லாததை இன்னும் முறுக்கியதில் வாஷர் ரப்பர் பிதுங்கி வெடித்திருக்கிறது. க்ளோஸப்பில் நிறுத்திப் பாருங்கள், ரப்பர் தகரத் தொப்பிக்கு வெளியே நாக்கு மாதிரி தொங்கும்.

முதலில் இது ஒழுகல்தானா?
மழையே இல்லாத தை மாதக் காலையில் சொட்டினால் அது ஷீட் வியர்ப்பது. இரவுக் குளிரில் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரம் தகரத்தின் அடியில் நீராகிறது. அதற்கு மேலே எதைத் தடவினாலும் காசு வீண்தான், கூரைக்கடியில் காற்றோட்டம் வேண்டும்.

தேவையான சாமான்
- மரத்துக்கான கூர்நுனி ரூஃபிங் ஸ்குரூ, 14 கேஜ் (6.3 மி.மீ. தடிமன்), 65 மி.மீ. நீளம், ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷரோடு: 170
- அலுமினியம் முதுகுள்ள பியூட்டைல் டேப், 2 இன்ச் அகலம்: 1 ரோல்
- ஜிங்க் பிரைமர்: கால் லிட்டர்
- நைலான் பிரஷ், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், ஸ்பிரிட், பழைய துணி
- வேகம் குறைக்கக்கூடிய டிரில், மேலே நடக்க நீளப் பலகை

65 மி.மீ. ஏன்? நெளியின் மேட்டு உயரமே ஏறத்தாழ 18 மி.மீ. அது போக மரத்துக்குள் 40 மி.மீ.யாவது இறங்க வேண்டும். 14 கேஜ் எதற்கு என்றால், பழைய 12 கேஜ் ஓட்டையில் அதே தடிமன் மறுபடி பிடிக்காது.

படி 1: சுத்தம்
மூடுபனி விலகி ஷீட் காய்ந்த பிறகு, காலை 11 மணிக்கு மேல் ஏறுங்கள். ரீப்பர் வரிசைமேல் பலகை போட்டு அதில்தான் நடக்க வேண்டும். பழைய சிலிக்கானை முழுக்க உரித்து, வெள்ளைப் பொடியைத் தேய்த்து, ஸ்பிரிட் துணியால் துடைத்து, பிரைமர் ஒரு கோட். எச்சம் இருந்தால் புதிதாக எதுவும் ஒட்டாது.

படி 2: ஸ்குரூ மாற்றுதல்
ஒரு நேரத்தில் ஒரு ஸ்குரூ மட்டும் கழற்றுங்கள். வரிசையாகக் கழற்றினால் காற்றுக்கு ஷீட் நகர்ந்துவிடும். நேர்செங்குத்தாக, நெளியின் மேட்டில் இறக்குங்கள். ரப்பர் தொப்பியின் விளிம்புவரை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வாஷரைக் கையால் திருப்பினால் சுழலக்கூடாது, ரப்பர் பிதுங்கவும் கூடாது.

படி 3: நைந்த ஓட்டைகள்
இந்தக் கூரையில் 160இல் 22 ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. அவற்றில் ஸ்குரூ போடவில்லை. பக்கத்து மேட்டில் புதிதாக இறக்கிவிட்டு, பழைய ஓட்டைமேல் 4 இன்ச் நீள டேப்பை நெளியோடு அழுத்தித் தேய்த்தோம். டேப்பின் ஓரத்தில் காற்றுக்குமிழ் இருந்தால் அது வழியாகவே நீர் நுழையும்.

படி 4: துருவல் கூட்டுதல்
ஸ்குரூ துளைக்கும்போது விழும் இரும்புத் துருவலை அன்றே கூட்டிவிடுங்கள். ஓர் இரவுப் பனி போதும், காலையில் ஷீட்டெல்லாம் துருப்புள்ளி.

படி 5: தண்ணீர் சோதனை
ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, கீழ் வரிசையிலிருந்து மேலே, வரிசைக்கு 5 நிமிடம் ஹோஸ் பிடியுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எது ஒழுகுகிறது என்றே பிரிக்க முடியாது. இந்த வீட்டில் நான்காவது வரிசையில் ஒன்று மட்டும் கசிந்தது. சாய்ந்து இறங்கிய ஸ்குரூ அது, ரப்பர் ஒரு பக்கம் தூக்கி நின்றது. கழற்றி நேராகப் போட்டதும் நின்றுவிட்டது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு இந்த முறை வேண்டாம், விரிசல் விடும், தூசியும் ஆபத்து. ஆள் விட்டுச் செய்வதானால் இந்த ஹோஸ் சோதனை முடிந்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.