நெல் ஈரமானி: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நெல் வாங்குமிடங்களில் கையடக்க ஈரமானி இல்லாமல் தராசு ஏறாது. நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீத ஈரம். தனியாரும் அதையே அடிப்படையாக வைத்து, மேலதிக ஈரத்துக்கு நிறையில் கழிப்பார்கள். இங்கே எழுதுவது நெல்லை நசுக்கி மின்தடையை அளக்கும் வகையைப் பற்றி. பாரம் குறைவு, பற்றறி நெடுநாள் நிற்கும், ஒரு நிமிடத்துக்குள் அளவு வந்துவிடும். பாவித்துப் பார்த்தால்தான் தெரியும் குறை, "உது பிழை" என்று கமக்காரர் சொல்லும்போது வெளியே வரும்.

வழக்கமான சண்டை இது. காலபோக நெல், றோட்டில் காயவிட்டு மத்தியானமே சாக்கில் அள்ளி உழவு மெசின் பெட்டியில் வந்திறங்குகிறது. மானி 16.8 காட்டுகிறது. "தம்பி, ரெண்டு வெயில் கண்ட நெல்லு. கடிச்சுப் பார், டக்கெண்டு உடையுது. பதினாலுக்கு மேல இராது." வாங்குபவர் அதே கைப்பிடி நெல்லைத் திரும்பப் போடுகிறார்: 16.7, 16.9. "பாருங்கோ ஐயா, மூண்டு தரமும் ஒண்டுதானே."

இது மறுபரிசோதனை இல்லை. மானி ஒரே பிழையை ஒரே மாதிரிச் செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. சூடான நெல்லில் மின்தடை குறையும்; குறைந்தால் மானி ஈரம் கூட என்று காட்டும். வெப்பத் திருத்தம் தானாக நடக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பல மானிகளில் அந்த உணரி பார்ப்பது மானியின் உடற்சூட்டைத்தான், நெல்லின் சூட்டையல்ல. நிழலில் இருந்த மானிக்குள் வெயிற்சூட்டு நெல்லைப் போட்டால் ஒன்றரை வீதம் கூடிக் காட்டுவது பெரிய அதிசயமில்லை.

ஒழுங்காகத் திரும்பப் பார்ப்பதென்றால் மாதிரியையே மாற்ற வேண்டும். சாக்கின் வாயிலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் குழாய் விட்டு எடுத்து, ஐந்தாறு சாக்கு நெல்லை ஒன்றாகக் கலக்க வேண்டும். அதை இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் போட்டு, மானியோடு ஒரே நிழலில் அரை மணிநேரம் விட வேண்டும். திறந்து வைத்தால் அந்த நேரத்திலேயே காய்ந்துவிடும். பிறகு மானியில் 'நெல்' தெரிவாகியிருக்கிறதா, 'அரிசி' தெரிவாகியிருக்கிறதா என்று பார்த்து, கிண்ணத்தில் ஒட்டிய மாவைத் துடைத்து, மூன்று தரம் அளந்து சராசரி. எத்தனை தரம் என்பதை அளக்க முன்னரே இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிடித்த எண் வரும்வரை அளப்பது இரண்டு பக்கத்திலும் நடக்கிற களவு.

மேற்சொன்ன நெல் ஆறியபின் 15.4, 15.2, 15.3 என்று வருகிறது என்று வையுங்கள். 16.8 பிழை, பற்றுச்சீட்டில் வெட்டி எழுதத்தான் வேண்டும். ஆனால் 14 என்ற கமக்காரரின் கணக்கும் சரியில்லை. பல்லில் உடைகிற சத்தம் 14க்கும் 15க்கும் வித்தியாசம் சொல்லாது.

இங்கே இரண்டாவது வழக்கு வரும். "1.3 வீதம்தானே கூட. ஆயிரம் கிலோவுக்குப் பதின்மூண்டு கிலோதானே கழிக்கோணும்? ஏன் பதினைஞ்சு?" இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை, ஆனால் கணக்குப் போட்டுக் காட்டலாம். ஆயிரம் கிலோவில் நீர் 153, உலர்ந்த பொருள் 847. காய்ந்தாலும் அந்த 847 மாறாது. 14 வீத ஈரமுள்ள நெல்லில் அது 86 வீதமாக இருக்க வேண்டும்.

```
1000 × (100 − 15.3) ÷ (100 − 14) = 984.9
```

கழிவு 15.1 கிலோ. பதின்மூன்றை மட்டும் கழித்தால் 987 கிலோவில் 140 கிலோ நீர் நிற்கும், அது 14.2 வீதம். பழைய 16.8க்கு 32.6 கிலோ கழிந்திருக்கும். ஆக, அரை மணிநேரப் பொறுமை ஆயிரம் கிலோவுக்கு 17.5 கிலோவைக் கமக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அவசரமாகக் காயவிட்ட நெல்லின் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அளவு அப்போது குறைவாக வரும், ஓர் இரவு சாக்கில் கிடந்தபின் ஏறும். அன்றைக்கு வாங்கியவருக்குத்தான் நட்டம். அடுத்தநாள் போன் எடுத்துக் கேட்பது நியாயமில்லை.

அரை வீதத்துக்குள் இழுபறியென்றால் இந்த மானியை வைத்து யாரும் அடித்துப் பேசக்கூடாது. அதன் நுட்பம் அவ்வளவுதான். அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் அடுப்பு முறை: 10 கிராம் முழு நெல்லை 130 பாகை செல்சியசில் 16 மணிநேரம் வைத்துத் திரும்ப நிறுப்பது. 8.5 கிராம் மிஞ்சினால் ஈரம் 15 வீதம். அதற்கு நுண்தராசு வேண்டும், கடைத்தராசு போதாது. மானியையும் போகம் தொடங்க முன் இதே முறையால் சரிபார்த்து, வித்தியாசத்தை அதன் முதுகில் ஒட்டி வைத்தால் மாசி, பங்குனியில் பாதி வாக்குவாதம் குறையும்.