அறுபதா, எண்பதா? ஒரே குறுக்கத்தை மூன்று வழிகளில் அளந்தால்

இதய ஆஞ்சியோகிராம் அறிக்கையில் "இடது முன் இறங்கு தமனியின் நடுப்பகுதியில் 80 சதவீதக் குறுக்கம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த 80 எப்படி வந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். திரையைப் பார்த்தவர் கண்ணால் மதித்துச் சொன்ன எண் அது. சந்தேகமிருந்தால் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். 50, 70, 80, 90 என்று வரிசையாக இருக்கும். 63 என்றோ 76 என்றோ எழுதியவரைக் காண்பது அரிது. இரத்தக் குழாய்கள் பத்து பத்தாகச் சுருங்குவதில்லை. நம் கண்தான் பத்து பத்தாக எண்ணுகிறது.

ஒரே குறுக்கத்தை எடுத்துக்கொண்டு கண் மதிப்பீடு, கணினி அளவீடு, அழுத்தக் கம்பி ஆகிய மூன்றும் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் எதிர்ப்படும் அளவுகள்தான் இவை.

ஓர் அசையாப் படம். சாயம் நிரம்பிய தமனி, அதன் வாயில் சாயத்தைச் செலுத்தும் மெல்லிய குழாயான 6 பிரெஞ்சு கதீட்டர். ஒரு பிரெஞ்சு என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எனவே கதீட்டரின் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர். திரையில் அதன் அகலம் 12 மில்லிமீட்டர் என்றால் படம் ஆறு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. குறுக்கத்தின் மிக ஒடுங்கிய இடம் திரையில் 7.2, நிஜத்தில் 1.2 மில்லிமீட்டர். குறுக்கத்துக்கு மேலே தமனி 3.4, கீழே 2.6. இரண்டின் சராசரி 3.0. இனி சதவீதம்:

(1 − 1.2/3.0) × 100 = 60

இதே படத்தைக் கண்ணால் பார்ப்பவர் 80 என்று எழுதினால் எனக்கு வியப்பு வராது. கண் மதிப்பீட்டைக் கணினி அளவீட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், நடுத்தரக் குறுக்கங்களையும் கடுமையான குறுக்கங்களையும் கண் கூட்டியே சொல்கிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம், விட்டத்தையும் பரப்பையும் கண் குழப்பிக்கொள்வதாக இருக்கலாம். அறிக்கையில் எழுதும் சதவீதம் விட்டத்தின் குறைவு. விட்டம் 60 சதவீதம் குறைந்தால், உள்வழி வட்டமாக இருக்கும் பட்சத்தில், பரப்பு 84 சதவீதம் குறைந்திருக்கும். விட்டம் பாதியானாலே பரப்பில் முக்கால் பங்கு போய்விடும். எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்று சொல்லாமல் ஒரு சதவீதத்தை மட்டும் சொன்னால், கேட்பவர் தமக்குத் தெரிந்த கணக்கில் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு காரணம், எதோடு ஒப்பிடுவது என்பது. மேலே சராசரியை எடுத்தேன். மேல்பகுதியின் 3.4 உடன் மட்டும் ஒப்பிட்டிருந்தால் விடை 65. கீழ்ப்பகுதியின் 2.6 உடன் ஒப்பிட்டிருந்தால் 54. படமும் ஒன்றே, குறுக்கமும் ஒன்றே. 11 புள்ளி நகர்ந்துவிட்டது. தமனி இயல்பாகவே கீழே போகப் போக மெலிவது, அதுவும் கிளை பிரிந்தபின் சட்டென்று மெலிவது. கண்ணோ பக்கத்தில் இருப்பதிலேயே பருத்த இடத்தைத்தான் முதலில் பற்றிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. 3.5 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டிய தமனி நெடுகிலும் கொழுப்புப் படிந்து 2.4 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதன் நடுவே 1.2 மில்லிமீட்டர் குறுக்கம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவது பாதி அடைப்பு, அதாவது 50. தமனியின் உண்மையான அளவோடு ஒப்பிட்டால் 66. சர்க்கரை நோயாளிகளின் படங்களில் இந்தக் கண்ணி அடிக்கடி வரும். சாயம் காட்டுவது குழாயின் உள்வழியை மட்டுமே. சுவர் படத்தில் இல்லை. கிளாகோவ் குழுவினர் 1987-இல் காட்டியபடி, சுவரில் படிவு சேரும்போது தமனி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு ஏறத்தாழ 40 சதவீதப் பரப்பை எட்டும்வரை உள்வழி சுருங்குவதே இல்லை. ஆகவே நேராகத் தெரியும் பகுதி நோயற்ற பகுதி என்று நம்பி அதை அளவுகோலாக்குவதிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

கோணம் தரும் சிக்கல் இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. படிவு ஒரு பக்கமாகச் சேர்ந்து, உள்வழி நீள்வட்டமாகிவிட்டது: குறுகிய அச்சு 1.2, நீண்ட அச்சு 2.4. ஒரு கோணத்தில் எடுத்த படத்தில் 60 சதவீதம். அதற்குச் செங்குத்தான கோணத்தில் 20 சதவீதம். பரப்பு உண்மையில் குறைந்திருப்பது 68 சதவீதம். வட்டமான குறுக்கத்தின் 84 அல்ல. ஒரே ஓர் அசையாப் படத்தைக் கையில் கொடுத்து "எத்தனை சதவீதம்?" என்று கேட்பவருக்கு நேர்மையான முதல் பதில், "அடுத்த கோணம் எங்கே?" என்பதுதான். கிளை மேலே விழுந்து குறுக்கத்தை மறைப்பதும், தமனி பார்ப்பவரை நோக்கி வருவதால் நீளமான குறுக்கம் குட்டையாகத் தெரிவதும் இதே குடும்பத்துத் தொல்லைகள்.

கணினி அளவீடு இவற்றில் எதைத் தீர்க்கிறது? குழாயின் குறுக்கே வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பார்த்து, விளிம்பு எங்கே என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. கைநடுக்கமும் பத்து பத்தாக எண்ணும் பழக்கமும் அதற்கு இல்லை. இரண்டு பேர் அளந்தாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றாக வரும். ஆனால் எந்தப் படத்தை அளப்பது என்பதை மனிதர்தான் தேர்ந்தெடுக்கிறார். சாயம் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். இதயம் விரிந்து ஓய்ந்த கட்டத்தின் இறுதிப் படமாக இருப்பது நல்லது. சுருங்கும் கட்டத்தில் தமனி துள்ளுவதால் விளிம்பு மங்கும். அளப்பதற்கு முன் தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் கொடுக்காவிட்டால், கதீட்டர் உரசியதால் வந்த இறுக்கத்தை அடைப்பு என்று அளந்துவிட வாய்ப்புண்டு.

கதீட்டர் அளவுகோலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பிழையானால் எல்லாமே பிழை என்பார்கள். அப்படியல்ல. கதீட்டர் நுனியும் குறுக்கமும் எக்ஸ்ரே குழாயிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருந்தால் மில்லிமீட்டர் அளவுகள் தவறும். ஸ்டென்டின் விட்டத்தைத் தேர்வதில் அது வினையாகும். சதவீதம் ஒரு விகிதம் என்பதால் அது தப்பித்துவிடும். மாறாக, சதவீதத்தைக் கெடுப்பது மிக ஒடுங்கிய இடத்தில் நேரும் சிறு பிழை. நம் 1.2 மில்லிமீட்டரை 1.0 என்று எடுத்தால் 67, 1.4 என்று எடுத்தால் 53. வெறும் 0.2 மில்லிமீட்டர் இருபுறமும் ஆட, விடை 14 புள்ளி ஆடுகிறது. உள்வழி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் படத்தின் மங்கலே விளிம்பாகிவிடும். அங்கே மென்பொருள் உள்வழியைப் பெரிதாக்கி, அடைப்பைக் குறைத்துச் சொல்லும்.

ஆக, கணினி 60 என்று உறுதியாகச் சொன்னாலும் அது நிழலின் விகிதம்தான். இதயத் தசைக்கு இரத்தம் போதுமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்பதற்குத்தான் அழுத்தக் கம்பி இருக்கிறது. நுனியருகே அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியைக் குறுக்கத்தைத் தாண்டி வைத்து, அடினோசின் கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றி, குறுக்கத்துக்கு அப்பால் உள்ள சராசரி அழுத்தத்தைப் பெருந்தமனியின் சராசரி அழுத்தத்தால் வகுப்பார்கள். இந்தப் பின்ன ஓட்ட விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறுக்கம் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள்.

நம் 60 சதவீதக் குறுக்கத்தில் அப்பால் 70, பெருந்தமனியில் 92 என்றால் விகிதம் 0.76. தடுக்கிறது. இனி அதே 60 சதவீதம் வலது தமனியில் இருப்பதாகவும், அந்தப் பகுதித் தசையின் பெரும்பகுதி பழைய மாரடைப்பில் வடுவாகிவிட்டதாகவும் கொள்ளுங்கள். 84-ஐ 95-ஆல் வகுத்தால் 0.88. தடுக்கவில்லை. படத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தாலும், ஒன்று உயிருள்ள பெருந்தசைக்கு இரத்தம் அனுப்புகிறது, மற்றது கொஞ்சத் தசைக்கு மட்டும் அனுப்புகிறது. குறுக்கத்தின் நீளமும் கணக்கில் வரும். இவற்றில் எதுவும் சதவீதத்துக்குள் இல்லை.

படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைப்பதையும் கம்பியால் அளந்து வைப்பதையும் ஒப்பிட்ட ஃபேம் ஆய்வின் முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. அதே ஆய்வின் படங்களை அலசி 2010-இல் வந்த கட்டுரை இந்தப் பிளவைத் துல்லியமாகக் காட்டியது. கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று பட்ட குறுக்கங்களில் ஏறத்தாழ 35 சதவீதம் மட்டுமே ஓட்டத்தைத் தடுத்தன. 71 முதல் 90 வரை மதித்தவற்றில் 80 சதவீதம் தடுத்தன. அதாவது ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை. 90-ஐத் தாண்டியவற்றில் 96 சதவீதம். என் தீர்ப்பும் இங்கிருந்துதான் வருகிறது: 90-க்கு மேலே கண் போதும், கம்பியைச் செலவிட வேண்டாம். அதற்குக் கீழே, நெஞ்சுவலிக்கும் குறுக்கத்துக்கும் உள்ள தொடர்பு வேறு சோதனைகளில் உறுதியாகாதபோது, கண் சொல்வதை ஊகம் என்றே எழுத வேண்டும்.

கம்பியும் மாசற்றதல்ல. அளந்து முடித்துப் பின்னே இழுத்து, கதீட்டர் வாயில் நிறுத்திப் பார்த்தால் விகிதம் 1.00-க்கு அருகே வர வேண்டும், 0.95 என்று காட்டினால் அழுத்தமானி நழுவியிருக்கிறது, குறுக்கத்துக்கு அப்பால் 0.78 என்று அளந்திருந்தாலும் அதை நம்பக்கூடாது. கதீட்டர் தமனி வாயை அடைத்துக்கொண்டிருந்தால் பெருந்தமனி அழுத்தமே குறைவாகப் பதிந்து, விகிதம் பொய்யாக உயரும். மாரடைப்பு வந்த புதிதில் அதே தமனியின் நுண்குழாய்கள் மரத்துப்போயிருக்கும். அடினோசின் ஓட்டத்தை முழுதாக ஏற்றாது, விகிதம் நல்லபடியாகத் தோன்றும். அடினோசின் வேண்டாத, ஓய்வு நிலை விகிதங்களும் உண்டு. அவற்றின் எல்லைக்கோடு 0.89.

கம்பியே இல்லாமல், இரண்டு கோணப் படங்களிலிருந்து இந்த விகிதத்தைக் கணக்கிடும் முறையும் இப்போது வந்திருக்கிறது. ஃபேவர் 3 சீனா ஆய்வில், 2021-இல், அது கண் மதிப்பீட்டைவிட நல்ல பலன் தந்தது. ஃபேவர் 3 ஐரோப்பா ஆய்வில், 2024-இல், கம்பிக்கு ஈடாக நிற்க முடியவில்லை. படத்திலிருந்து பிறக்கும் எண் படத்தின் குறைகளையும் சுமந்துகொண்டே வருகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

அறிக்கை எழுதுவது என் வேலையாக இருந்தால் முதல் குறுக்கத்துக்கு இப்படி எழுதுவேன்: "இடது முன் இறங்கு தமனி, நடுப்பகுதி, இரண்டு கோணங்களில் பார்த்தது, மிகக் குறைந்த விட்டம் 1.2 மி.மீ., மேல்-கீழ் சராசரி 3.0 மி.மீ., விட்டக் குறைவு 60%. பின்ன ஓட்ட விகிதம் 0.76." கம்பி போடவில்லை என்றால் கடைசித் துண்டை "விகிதம் அளக்கவில்லை" என்று மாற்றிவிடுவேன். 80 என்ற எண் அந்த வரியில் எங்கும் இருக்காது.