மேலே தெரிந்த தையல் சோலைப் பிடிக்கவே இல்லை

போன வருஷம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்கு ஒரு தோல் ஷூ வாங்கினேன். "குட்இயர் வெல்ட் சார், சோல் தேஞ்சா மாத்திக்கிட்டே இருக்கலாம்" என்றார் கடைக்காரர். ஓரத்தைச் சுற்றிப் பட்டையும் அதன்மேல் வெள்ளை நூல் தையலும் இருந்தன. அதை நம்பித்தான் வாங்கினேன். பதினான்காவது மாதம் விரல் பக்கம் சோல் வாய் பிளந்துவிட்டது.

தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிளந்த இடத்தில் கத்தியை விட்டு அந்தப் பட்டையைத் தூக்கிக் காட்டினார். நூல் பட்டைக்கு அடியிலேயே முடிந்திருந்தது, சோலுக்குள் இறங்கவே இல்லை. "இது அழகுக்குப் போட்ட தையல் சார். சோலைப் புடிச்சிருந்தது சொல்யூஷன்தான்" என்றார்.

உண்மையான வெல்ட் ஷூவில் இரண்டு தையல் உண்டு. மேல்தோல், உள்சோலின் விளிம்பு, வெல்ட் பட்டை மூன்றையும் சேர்ப்பது முதல் தையல். அது வெளியே தெரியாது. பட்டையையும் சோலையும் சேர்ப்பது இரண்டாவது. சோல் தேய்ந்தால் இரண்டாவதை மட்டும் அறுத்துவிட்டு, புது சோலை அதே பட்டையோடு குத்தூசி வைத்துக் கையாலேயே தைத்துவிடலாம். மேல்தோலில் கை வைக்கவே வேண்டாம். பிளேக் என்ற இன்னொரு வகைத் தையலில் ஒரே நூல் உள்சோலையும் சோலையும் சேர்த்துப் பிடிக்கும். அதை மாற்றலாம், ஆனால் ஷூவுக்குள் நுழைகிற கை உள்ள தனி மெஷின் வேண்டும். தெருவில் அது கிடைக்காது.

பசையில் ஒட்டியது என்றாலே குப்பை என்று நான் சொல்லவில்லை. பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் தட்டையான ரப்பர் சோலை ஒட்டிக்கொள்ளலாம். என் ஷூவில் இருந்தது பியூ, அதாவது பாலியூரிதேன் சோல். காற்றிலுள்ள ஈரமே நாளடைவில் அதை அரித்துவிடுமாம். அண்ணன் கட்டைவிரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதன்மேல் எந்தச் சொல்யூஷனும் நிற்காது. முழுக்க எடுத்துவிட்டு ரப்பர் ஷீட்டும் ஹீலும் போட 700 ரூபாய் ஆனது. சுற்றித் தைத்தும் விடுங்கள் என்று கேட்டேன், மறுத்துவிட்டார். மேல்தோலில் ஓட்டை போட்டால் தண்ணீர் இறங்கும், மடங்குகிற இடத்தில் கிழியும் என்றார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி.

வாங்கும்போது ஷூவை மடக்கி, பட்டைக்கும் சோலுக்கும் நடுவில் நூல் இறங்குகிறதா என்று பாருங்கள். ஷூவைத் திருப்பி அடியிலும் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சில நல்ல ஷூக்களிலும் அடித்தையலைத் தோலுக்குள் மறைத்திருப்பார்கள், சில மலிவு ஷூக்களில் தையல் மாதிரி அச்சும் வார்த்திருப்பார்கள். உள்ளே கால் படும் மெல்லிய தோலைத் தூக்கினால் நூல் தெரிகிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் பிளேக்.

எல்லாவற்றையும்விட, "குட்இயர் வெல்ட்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரர் என் பில்லைத்தான் நீட்டினார். அதில் "ஜென்ட்ஸ் லெதர் ஷூ" என்று மட்டும் இருந்தது.