9 மில்லிமீற்றர் பலத்தில் ஓடும் சுடுதண்ணீர்: சோலர் ஹீற்றரோடு ஆறு வருடம்

இணுவிலில் எங்கள் வீட்டுக் கொங்கிறீற் கூரையில் சோலர் ஹீற்றர் பூட்டி இந்தத் தையோடு ஆறு வருடம். கண்ணாடி மூடிய 2 மீற்றர் நீளப் பனல் ஒன்று, தனியாக 200 லீற்றர் தாங்கி ஒன்று. மோட்டர் இல்லை, கரண்டும் இல்லை. பனலில் சூடாகும் தண்ணீர் இலேசாகித் தானாகவே தாங்கிக்கு ஏறும். தாங்கியின் அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் பனலின் கீழ்ப்பக்கத்துக்கு இறங்கும். இந்தச் சுற்றோட்டத்தைத்தான் தெர்மோசைபன் என்கிறார்கள். தாங்கியும் தண்ணீர் சூடாகும் ரியூப்பும் ஒன்றாகவே வரும் செட் வாங்கியவர்களுக்கு, பனலை விடத் தாங்கியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற கணக்கு தேவையில்லை, அதை அளந்தே செய்து அனுப்புகிறார்கள். எங்களைப் போலத் தனித்தனியாக வாங்கிப் பூட்டுபவர்கள்தான் மாட்டுப்படுவது.

நாங்கள் முதல் எட்டு மாதம் மாட்டுப்பட்டுத்தான் கிடந்தோம். பின்னேரம் குளிக்க நல்ல சூடாக வரும். விடிய ஐந்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போக என்று பைப்பைத் திறந்தால், கிணற்றுத் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் சூடு. "இதுக்கு அடுப்பில ஒரு கேத்தில் வைச்சாலே போதுமே தம்பி" என்பா. தாங்கியின் உறைதான் சரியில்லை என்று நினைத்து அதற்கு மேல் இன்னொரு உறையும் சுற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேலே ஏறி, பனலின் மேல் முனையிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் போய் மூன்று மணி நேரம், அது ஆறிப்போய் இருக்க வேண்டும். ஆனால் கையை வைத்திருக்க முடியாத சூடு. பனலின் மேல் ஓரம் வெதுவெதுப்பு, கீழ் ஓரம் சில்லென்று குளிர். சரி, தண்ணீர் தலைகீழாக ஓடுகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை இரவில் பனல் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் தாங்கியின் உயரம். பனலின் கீழ் முனை கூரையிலிருந்து 30 சென்ரிமீற்றர். 15 பாகை சரிவில் தெற்குப் பார்க்க வைத்ததால் மேல் முனை 82 சென்ரிமீற்றரில் நின்றது. தாங்கியின் அடி 70இல். அதாவது பனலின் தலையை விடத் தாங்கியின் அடி 12 சென்ரிமீற்றர் பதிவு. பூட்ட வந்த பிளம்பர், காற்றுக்கு விழாமல் இருக்கட்டும் என்று பதிவாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரவில் பனல் குளிரும்போது அதனுள் இருக்கும் தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். தாங்கி பக்கத்திலேயே பதிவாக இருந்தால், அந்தக் குளிர்ந்த தண்ணீர் சிரமம் இல்லாமல் தாங்கியின் அடிக்குள் நுழையும். அதற்குப் பதிலாக மேலிருந்து சுடுதண்ணீர் பனலுக்குள் இறங்கும். தாங்கி நன்றாக உயர்ந்திருந்தால் கதை வேறு. குளிர்ந்து கனத்த தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும், அதைத் தள்ளித் தூக்க இருப்பது இலேசான சுடுதண்ணீர் மட்டும்தான். அது முடியாத காரியம், ஓட்டம் தொடங்கும்போதே நின்றுவிடும். பனலின் தலைக்கும் தாங்கியின் அடிக்கும் நடுவே 30 முதல் 60 சென்ரிமீற்றர் இருந்தால் போதும்.

மேசனைப் பிடித்துக் கல் அடுக்கிக் கட்டி, தாங்கியின் அடியை 130க்கு உயர்த்தினோம். இடைவெளி 48. அன்று இரவே போய்த் தொட்டேன், குழாய் குளிர்ந்திருந்தது.

உயர்த்தியதால் பகல் ஓட்டத்துக்கும் பலம் கூடியது. 30 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீருக்கும் 60 பாகையில் ஒரு லீற்றருக்கும் எடை வித்தியாசம் 12 கிராம் அளவில்தான். அப்படியென்றால் 48 சென்ரிமீற்றர் சூடான குழாய்க்கு 6 மில்லிமீற்றர் தண்ணீர் உயரத்தின் தள்ளுதல் கிடைக்கும். பனலுக்குள் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாவதால் பனலின் கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் இடையிலான 52 சென்ரிமீற்றருக்குப் பாதிதான், ஒரு 3 மில்லிமீற்றர். மொத்தம் 9. வீட்டுக்குப் பச்சைத் தண்ணீர் தரும் மேல் தாங்கியிலிருந்து குசினிப் பைப்புக்கு வரும் அழுத்தம் இரண்டு மூன்று மீற்றர் தண்ணீர் உயரம். இங்கே முழுச் சுற்றோட்டமும் சுண்டுவிரல் அகலத் தண்ணீரை நம்பி ஓடுகிறது. அதனால்தான் அரை இஞ்சிக் குழாய் உதவாது. ஒரு இஞ்சி போட வேண்டும், நீளத்தைக் குறைக்க வேண்டும், கூர்மையான எல்போவுக்குப் பதில் வளைவு வைக்க வேண்டும்.

அடுத்த பாடம் சித்திரை வெயிலில் வந்தது. தாங்கியை உயர்த்தியபோது காசு மிச்சம் பிடிக்க, சூடான பக்கத்தில் படுக்கையாகப் போகும் 3 மீற்றர் குழாயைப் பிவிசியிலேயே விட்டிருந்தேன். பிவிசிக்கு 60 பாகை தாண்டினால் எலும்பு இல்லை. நடுவில் தொய்ந்து வயிறு விழுந்தது. வயிறு விழுந்ததால் அதற்கு முன்னால், பனல் பக்கமாகத் தாங்கிப் பிடித்த இடம் சின்ன மேடாகிவிட்டது. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும், அது போய் அந்த மேட்டில் குந்திவிட்டது. 9 மில்லிமீற்றர் பலத்தால் காற்றைத் தள்ள முடியாது. மத்தியானம் பனலுக்குள் களக் களக் என்று கொதிக்கும் சத்தம். குழாய் நெடுகக் கையை ஓட்டினால் மேடு வரை நெருப்பு, ஒரு சாண் தாண்டினால் பச்சைத் தண்ணீர். காற்று அடைத்திருப்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பது.

செம்புக் குழாய்க்கு மாற்றினோம். தெளிந்த ரியூப் ஒன்றில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் என்று 3 மீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் ஏற்றம் கொடுத்தோம். எங்கேயும் ஒரு விரல்கூட இறங்கக் கூடாது. தாங்கிக்குள் அந்தக் குழாய் நுழையும் இடம் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில். குளிக்கும் தண்ணீரைத் தாங்கியின் உச்சியிலிருந்து எடுக்கிறோம். அதனால் கரண்ட் நின்று மேல் தாங்கி வெறுமையானாலும் இது நிறைந்தே இருக்கும், சுற்று அறாது. காற்றுக் குழாயும் உச்சியிலிருந்துதான். அதன் வாய் மேல் தாங்கியின் தண்ணீர் மட்டத்தை விட ஒரு அடியாவது உயர வேண்டும், இல்லாவிட்டால் கூரை நனையும்.

இப்போது பங்குனியில் பின்னேரம் தாங்கியில் 58 பாகை, விடிய 52. கார்த்திகை மழையில் 35 வந்தாலே பெரிய விஷயம். அந்த நாட்களில் அம்மாவின் கேத்தில்தான்.

மிச்சம் ஒரு தொல்லை எங்கள் கிணறு. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வரும் தண்ணீர், கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை பனலின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். மூன்றாம் வருடம் மத்தியானத்தில் பனலுக்குப் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் சூட்டு வித்தியாசம் 40 பாகையைத் தாண்டியது. நல்ல வெயிலில் எனக்கு வழக்கம் 15 முதல் 20. வித்தியாசம் கூடினால் சூடு கூடிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது, தண்ணீர் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். பனலைச் சாக்கால் மூடி, விடியற்காலையில் தண்ணீரை வடித்து, எலுமிச்சைப் புளிப்பு உப்பான சிற்றிக் அசிற் கரைசலை நிரப்பி நாலு மணி நேரம் விட்டுக் கழுவினேன். மோர் போல வெள்ளையாக வந்தது. மத்தியானம் வித்தியாசம் 18. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முந்தி இதைச் செய்கிறேன்.