வயலுக்கு ஏரி வண்டல்: கால்வாய் வாயில் அள்ளுவதா, கரையோரம் அள்ளுவதா?

பாலாற்றுத் தண்ணீர் வந்து விழும் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற ஓர் ஏரி வற்றியதும் வரத்துக்கால் வாயில் போய்ப் பாருங்கள். மணல் விசிறி மாதிரி விரிந்து கிடக்கும். தஞ்சை டெல்டா உருவான விதத்தின் சிறு வடிவம் அது.

ஓடுகிற தண்ணீர் தேங்கிய நீரில் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. முதலில் பருமணல் விழுந்து வாயிலேயே திட்டாகிறது. தண்ணீர் அந்தத் திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தன் படுகையை மேடாக்கிக்கொண்டே போய், ஒரு வெள்ளத்தில் கரையை உடைத்துத் தாழ்வான பக்கம் திரும்பிவிடும். இப்படி மாறி மாறிப் பாய்வதால்தான் விசிறி வடிவம் வருகிறது. பாலாறே முன்பு இன்றைய கொசத்தலையாற்றின் வழியாக ஓடியது என்றுதான் நிலவியலாளர்கள் சொல்கிறார்கள்.

மெல்லிய மண் அங்கே நிற்காது. அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க நுண்மணலுக்குச் சில நிமிடம் போதும். களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதனால் களி, நீர் அசையாத கரையோரத்திலும் மதகடியிலும்தான் படியும். கடலில் உப்பு களித்துகள்களை ஒட்டவைத்துச் சீக்கிரம் படியவைக்கும். ஏரியில் அந்த உதவி இல்லை.

வளம் இந்தக் களியில்தான் இருக்கிறது. களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் அதில் ஒட்டிக்கொண்டு, பாசனத் தண்ணீரோடு அடித்துச் செல்லப்படாமல் வேருக்குக் கிடைக்கும். மணலில் அந்தப் பிடிப்பு இல்லை. ஆனால் தழைச்சத்து களியிலும் குறைவுதான். டெல்டாவிலும் அதற்கு உரம் போட்டே ஆக வேண்டும்.

ஆகவே பாலாற்றங்கரை மணற்கொல்லைக்குக் கரையோர வண்டல்தான் சரி. கால்வாய் வாய் மண்ணை அடித்தால் மணலோடு மணல் சேரும், டிராக்டர் வாடகைதான் மிச்சம். ஏற்கெனவே களியாக இருக்கும் நஞ்சைக்குக் கரையோர வண்டல் வேண்டாம். தண்ணீர் வடிவது இன்னும் குறையும். அங்கே தொழுவுரமே மேல்.

எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட நுண்மண், மறுநாளும் கலங்கியே இருப்பது களி.

ஒரு ஏக்கருக்கு அரை அங்குலம் பரப்ப ஏறக்குறைய 18 யூனிட் மண் வேண்டும். கட்டி உடைந்து காய்ந்த பிறகு, உழவில் மேல்மண்ணோடு கலக்க வேண்டும்; மேலேயே விட்டால் மழையில் ஆடையாக இறுகி முளைப்பை அடைக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் பகுதிகளின் கழிவுநீர் எட்டும் ஏரியானால், உப்பும் குரோமியமும் சோதிக்காமல் ஒரு லோடுகூட அள்ளாதீர்கள். அவற்றைப் பிடித்து வைப்பதும் அதே களிதான்.