முறுக்கு மீசை சாயாமல் நிற்க எது தேவலை: ஜெல்லா, பிசினா, தேன்மெழுகா?

திருப்பாதிரிப்புலியூரில் சலூன் வைத்திருப்பவனிடம் மீசையைப் பற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "காலையில் முறுக்கிவிட்டால் மத்தியானத்துக்குள் தொங்கிவிடுகிறது, என்ன போடலாம்?" கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன போட்டாலும் நிற்காது. முடி அவ்வளவு வளர்ந்திருக்காது. அதனால் முதலில் நீளத்தைப் பேசிவிடுவோம்.

மீசை முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மூக்குக்கு நேர் கீழே இருக்கும் முடி வாயோரம் போய்ச் சேரவே இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும். அதற்கு மேல் சுருளுக்கு மூன்று சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆக, நடுமுடி சுருளில் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். வாயோரத்து முடிக்கு மூன்று, நான்கு மாதம் போதும். மூன்றாவது மாதத்தில்தான் ஆள் பொறுமை இழப்பார். நடுமுடி வாய்க்குள் விழும், சாம்பாரில் நனையும், வீட்டில் திட்டு விழும். உடனே கத்தரியை எடுத்து உதட்டோரமாக ஒரே கோடாக வெட்டிவிடுவார்கள். அங்கேதான் கெட்டுப்போகிறது. சுருளுக்குத் தடிமன் கொடுப்பது அந்த நடுமுடிதான். அதை வெட்டினால் வாயோரத்து முடி மட்டும் மிஞ்சி, சுருள் எலிவால் மாதிரி மெலிந்து நிற்கும். வெட்டாமல், நடுவில் வகிடெடுத்து, இரண்டு பக்கமும் ஒதுக்கிச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். குளித்ததும் ஈரமாக இருக்கும்போது சீவினால் முடி சொன்னபடி கேட்கும்.

விளக்கெண்ணெய் தடவினால் அடர்த்தியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. எத்தனை வேர் இருக்கிறதோ அத்தனை முடிதான். சிரைத்தால் தடிப்பாக வரும் என்பதும் அப்படித்தான். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படுகிறது, அவ்வளவே.

இனி என்ன போடுவது என்பதற்கு வருவோம். கடலூர், புதுச்சேரிக் கரையில் இதைத் தீர்மானிப்பது வெயிலைவிடக் காற்றின் ஈரம். முடியை நனைத்தால் அதன் உள்ளே இருக்கும் பிடிப்புகள் தளரும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்து எழுந்தால் முடி ஒரு பக்கமாக மடங்கி நிற்பது இதனால்தான். ஆகவே சுருளைக் கொடுப்பது உண்மையில் மெழுகோ ஜெல்லோ அல்ல, ஈரம் காயும்போது நாம் பிடித்து வைக்கும் வடிவம். மேலே பூசும் பொருளுக்கு இரண்டு வேலை: அந்த வடிவத்தைத் தாங்க வேண்டும், வெளி ஈரம் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையில்தான் போட்டியாளர்கள் பிரிகிறார்கள்.

ஜெல்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காய்ந்ததும் விறைப்பாக ஒரு ஏடு படிகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஏடு நீரில் கரையக்கூடியது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும், அதுவரை ஜெல் நிற்கும். மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்ததும் அது பிசுபிசுக்க ஆரம்பிக்கும். வியர்வை பட்டால் கேட்கவே வேண்டாம். காய்ந்திருக்கும்போது சிரித்தாலும் ஏடு வெடித்து, பொடுகு மாதிரி வெள்ளைத் துகள் சட்டையில் உதிரும். ஏசி மண்டபத்தில் இரண்டு மணி நேரக் கல்யாண வரவேற்புக்கு என்றால் சரி, அதற்கு மேல் அதை நம்ப முடியாது.

கருவேலம் பிசின் பழைய ஆள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டினால் கூழ் போல வரும். ஜெல்லைவிடப் பிடிப்பு அதிகம், துகளும் குறைவு. இரவில் வெறும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம், இது பெரிய வசதி. ஆனால் தண்ணீரில் போவது வியர்வையிலும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தடவிய பிசின் காயவே மாட்டேன் என்கிறது. மேல்நாட்டில் இதே பிசினோடு சோப்பும் மெழுகும் கலந்து விற்கிறார்கள். அது வெறும் பிசினைவிடத் தேவலை, என்றாலும் ஈரத்துக்கு இளகத்தான் செய்கிறது.

தேங்காயெண்ணெய் போட்டியிலேயே இல்லை. அது 24, 25 டிகிரிக்குக் கீழேதான் உறையும். நம் ஊரில் அந்தக் குளிர் மார்கழி விடியற்காலையில் கொஞ்ச நேரம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் மீசையிலிருந்து உதட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

மிஞ்சுவது தேன்மெழுகு. அது உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் உடம்புச் சூட்டில் இளகிக் கைக்கு வசப்படும், ஆனால் ஒழுகாது. தண்ணீரில் கரையாது என்பதால் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் அசையாது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கடையில் டப்பாவில் வருவதெல்லாம் ஒன்றல்ல. குளிர் ஊருக்கென்று செய்யும் மெழுகில் எண்ணெயும் வாஸ்லைன் மாதிரி ஜெல்லியும் தாராளமாக இருக்கும். டப்பாவைத் திறந்து கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அழுத்தாமலேயே நகம் இறங்கினால் அது இங்கே மத்தியானத்தைத் தாண்டாது.

எங்கள் கடைக்கு வரும் ஒருவர் புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வாசலில் நிற்கிறார். மஞ்சக்குப்பத்திலிருந்து விடிவதற்குள் பைக்கில் கிளம்புவார். காலை ஏழு முதல் மூன்று வரை வெளியில்தான் வேலை. வயது ஐம்பதுக்கு மேல், பாதி முடி வெள்ளை. அவர் வாங்கி வைத்திருந்தது அந்த இளகல் ரகம். "தம்பி, வலது பக்கம் நிக்குது, இடது பக்கம் மட்டும் பதினோரு மணிக்கே படுத்துடுது" என்றார். முடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. எனக்கும் முதலில் புரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துடைத்தபோது விஷயம் தெரிந்தது. வலது கை சல்யூட்டுக்கு, கைக்குட்டை எப்போதும் இடது கையில். கன்னத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி இழுத்துத் துடைக்கிறார். ஒவ்வொரு தடவையும் இடது சுருளின் மெழுகு கொஞ்சம் கைக்குட்டையோடு போகிறது. "அண்ணே, துடைக்காதீங்க, ஒத்தி எடுங்க" என்றேன்.

அவருக்காகச் செய்த மெழுகின் கணக்கு இது. வெயில் காலத்துக்கு 15 கிராம் தேன்மெழுகு, 5 கிராம் விளக்கெண்ணெய். மார்கழி, தையில் மெழுகை 10 கிராமாகக் குறைத்து, எண்ணெயை அப்படியே விடலாம். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டையும் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் கருகி வாடை வரும், தீப்பிடிக்கவும் கூடும். உருகியதும் டப்பாவில் ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியதும் நகத்தால் சீவிப் பாருங்கள். சீவல் போலச் சுருண்டு வந்தால் பதம். பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் போதாது. வெண்ணெய் போல இழுபட்டால் மெழுகு போதாது. தேன்மெழுகு என்று சொல்லி மெழுகுவத்தி மெழுகையும் தலையில் கட்டுவார்கள். அசலானது பழுப்பு மஞ்சளாக, தேன் வாசனையோடு இருக்கும். கொஞ்ச நேரம் கைக்குள் பிடித்தால் பிசைய வரும்.

பூசும் முறை: மீசையைக் கழுவித் துவட்டி, சீவி, நுனியை ஒரு பென்சிலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு டிரையரில் மிதமான சூட்டில் காயவிடுங்கள். டிரையர் இல்லையென்றால் மின்விசிறிக் காற்று போதும், நேரம்தான் கூட ஆகும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெழுகு. ஈரத்தில் பூசினால் முடியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே போகும். பக்கத்துக்கு ஓர் உளுந்து அளவு எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கண்ணாடி போலாகும்வரை தேய்த்து, நடுவிலிருந்து நுனிக்கு இழுத்து, கடைசியில் திருகுங்கள். வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் விரல் சூடு பற்றவில்லை என்று அர்த்தம். டிரையர் காற்றை இரண்டு விநாடி காட்டி மறுபடி சீவினால் மறைந்துவிடும்.

நம் ஆள் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் போடுகிறவர். வீட்டிலேயே திருகிக்கொண்டு கிளம்பினால் கடலூர் எல்லை தாண்டுவதற்குள் சுருள் நசுங்கிவிடும். அதனால் வீட்டில் காயவைத்து மெழுகைத் தடவி, பக்கவாட்டில் படிய மட்டும் சீவிக்கொள்கிறார். போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு விரல் சூட்டிலேயே திருகிவிடுகிறார். தடவிய மெழுகு முடியில் இருப்பதால் அது போதுமானதாக இருக்கிறது. பத்தரை மணி டீ இன்னொரு சோதனை. ஆவி பட்டால் மெழுகு இளகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதற்கென்றே உள்விளிம்பில் ஒரு தடுப்பு வைத்த கோப்பைகள் செய்தார்கள். நாம் தண்ணீரை அண்ணாந்து குடித்துச் சமாளிக்கிறோம், கொதிக்கும் டீயை அப்படிக் குடிக்க முடியாதே. அவர் டீ குடித்த கையோடு, இளகியிருக்கும் நுனியை ஒரு திருகு திருகிவிடுகிறார். ஆறியதும் இறுகிக்கொள்கிறது. இப்போது ஷிப்ட் முடியும்வரை இரண்டு பக்கமும் நிற்கிறது. கைக்குட்டைப் பழக்கம் மட்டும் முழுசாக விடவில்லை, இடது பக்கத்துக்கு மத்தியானம் கொஞ்சம் கூடுதலாகத் தடவிக்கொள்கிறார்.

மெழுகுக்கும் ஒரு கஷ்டம் உண்டு, அது ராத்திரியில் தெரியும். சோப்புக்கு அசையாது. முதலில் தேங்காயெண்ணெயைத் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் நுனிப்பக்கம் இழுத்துத் துடைத்த பிறகுதான் வெந்நீரும் ஷாம்பும். எண்ணெய் வைக்காமல் சீப்பைப் போட்டு இழுத்தால் முடி வேரோடு வரும். இதைச் செய்யச் சோம்பல் படுகிறவர்களுக்கு நான் பிசினையே சொல்லிவிடுகிறேன், அரை நாள் நின்றால் போதும் என்று. அப்புறம், மேலுதட்டுத் தோலில் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பினால் மெழுகு வேர்வரை போகிறது என்று பொருள். ஒரு வாரம் நிறுத்திவிட்டு, அடுத்த முறை தோலில் படாமல் முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை மட்டும் பூசிப் பாருங்கள்.